பாதி ஸ்குவாட்டா, முழு ஸ்குவாட்டா? மச்சானோட முட்டி வலியில நான் பார்த்தது

முலுண்ட் வாசி:
எங்க ஜிம்ல எப்பவும் நடக்கிற சண்டைதான். ஸ்குவாட்ல தொடை தரைக்கு நேரா வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும், கீழ போனா முட்டி போயிடும்னு ஒரு கட்சி. முழுசா உக்காந்து எழுந்தாத்தான் கணக்குன்னு இன்னொரு கட்சி. என் மச்சான் முதல் கட்சி. 100 கிலோ போட்டு அஞ்சு அஞ்சா அடிப்பான். தானே ஸ்டேஷன் படிக்கட்டுல இறங்கும்போது முட்டிச்சில்லுக்குப் பின்னாடி வலிக்குதுன்னு சொன்னான். ஏறும்போது அவ்வளவா இல்லை, இறங்கும்போதுதான்.

ஒரு நாள் போனை அவன் முட்டி உயரத்துல, பக்கவாட்டுல வெச்சு வீடியோ எடுத்தேன். 60 கிலோவுல தொடை கிட்டத்தட்ட தரைக்கு நேரா வருது. 80ல ஒரு சாண் மேலயே நிக்குது. 100ல வெறும் குனிஞ்சு நிமிர்றது. எடை ஏறினதா அவன் நினைச்சிருக்கான், உண்மையில தூரம்தான் குறைஞ்சிருக்கு. ஜிம்ல பழைய வெயிட்லிஃப்டர் ஒருத்தர் வருவார். வீடியோவைப் பார்த்துட்டு, "பார் எடையைப் பாதியாக் குறை, எதைத் தொடணும்னு ஒரு பலகை வை"ன்னார். அதுக்கப்புறம் நடந்ததை எழுதுறேன், ஆனா முதல்ல விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கீழ போனா முட்டிக்குக் கேடுங்கிறது உண்மையா?

நெரூல் மாமா:
தம்பி, நான் ஒரு செட்டுக்கு 10 ரெப்தான் போடுவேன், என் பையன் 5 போதும்கிறான். எது முழு ரெப், எது பாதி ரெப்?

முலுண்ட் வாசி:
மாமா, எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆழம் இறங்குறோம்ங்கிறதுதான் பேச்சு.

தாராவி இளவல்:
அண்ணா, ஒண்ணு உறுதி. பாதி பாதியா அடிச்சா தசை சுருங்கிடும். எங்க கோச் பைசெப்ஸைப் பாதியிலயே நிறுத்திப் பழகி, இப்போ கையை முழுசா நீட்டவே முடியலை. முழுசா இறக்கினாத்தான் தசை நீளமாகும்.

மாட்டுங்கா பிசியோ:
தம்பி சொன்னதுல பாதி சரி. பாதி ரெப்னால தசை நிரந்தரமா சுருங்கிடாது. கோச்சோட கை நீளாததுக்கு முழங்கை மூட்டே காரணமா இருக்கலாம், ஒருத்தர்கிட்ட காட்டச் சொல்லுங்க. ஆனா நீட்டின நிலையில சுமை விழுந்தா தசை அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்கும்ங்கிறது சரிதான். தசை இழை சின்னச் சின்ன அலகுகளா வரிசையா கோத்திருக்கும். நீட்டி இழுத்த நிலையில திரும்பத் திரும்ப வேலை செஞ்சா, அந்த வரிசையில புது அலகுகள் சேரும். விலங்குகள்கிட்ட இதைத் தெளிவாப் பார்த்திருக்காங்க. மனுஷங்ககிட்ட ஸ்கேன்ல இழை நீளம் கூடுறது தெரியுது, அலகு சேர்ந்ததாலதானான்னு நேரா எண்ணிப் பார்க்கிறது கஷ்டம்.

அதனால "பாதி"ன்னா எந்தப் பாதின்னு முதல்ல கேக்கணும். கெண்டைக்காலை எடுத்துக்கோங்க. 2023ல இளம்பெண்களை வெச்சு எட்டு வாரம் ஒரு ஆய்வு செஞ்சாங்க. குதிகால் கீழே இறங்குற பாதியை மட்டும் செஞ்சவங்களுக்குத் தசை அதிகமா வளர்ந்தது, முழுசா செஞ்சவங்களுக்கு அதைவிடக் குறைவு, மேல் பாதி மட்டும் செஞ்சவங்களுக்கு எல்லாரையும்விடக் குறைவு. ஆனா பல வருஷம் பழகினவங்களை வெச்சுப் பார்த்தப்போ கீழ்ப்பாதியும் முழுசும் ஏறக்குறைய சமமா வந்திருக்கு. இதுல இன்னும் முடிவு வரலைன்னுதான் நான் சொல்வேன்.

முட்டி விஷயம். முட்டி மடங்க மடங்க முட்டிச்சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் கூடிக்கிட்டே போய், 90 டிகிரி பக்கத்துல உச்சத்துக்கு வரும். அதுக்கும் கீழ போனா தொடைத் தசைநாரே எலும்பு மேல படிஞ்சு சுமையில ஒரு பங்கு வாங்கிக்கும், கெண்டையும் பின்தொடையும் ஒட்டி ஒண்ணை ஒண்ணு தாங்கும். பாதியில நிறுத்துறவர் பெரும்பாலும் அந்த உச்சம் இருக்கிற பக்கத்துல, அதுவும் முழு ஸ்குவாட்டுக்குத் தூக்க முடியாத எடையை வெச்சுக்கிட்டு, பிரேக் போட்டுத் திரும்புறார். அந்த அதிக எடை முழுக்க முதுகெலும்பு வழியாத்தான் இறங்குது, இதை யாரும் கணக்குல எடுக்கிறதில்லை.

அதுக்காக எல்லாரும் நாளைக்கே தரையைத் தொட வேண்டாம். கணுக்கால் இறுகினவங்களுக்குக் கீழ போகும்போது குதிகால் தூக்கும், இல்ல இடுப்பு உள்ளே சுருண்டு கீழ் முதுகு வளையும். அந்த இடத்துக்கு ஒரு விரல் மேலதான் அவங்க ஆழம்.

முலுண்ட் வாசி:
மேடம், மச்சானுக்கு நடந்ததும் இதோட ஒத்துப்போகுது. 50 கிலோ வெச்சு முழுசா இறங்கச் சொன்னப்போ, 90 டிகிரியைத் தாண்டுற அந்த இடத்துலயே வலிச்சுது. லிஃப்டர் பெரியவர் வற்புறுத்தலை. பெட்டி ஒண்ணு மேல ரப்பர் பலகைகளை அடுக்கி உயரமாக்கி, முட்டி கொஞ்சம்தான் மடங்குற அளவுல உக்காந்து எழச் சொன்னார். மூணு செட், எட்டு எட்டு. இறங்க மூணு நொடி, பெட்டியைத் தொட்டதும் ஒரு நொடி நின்னு எழணும். பொத்துன்னு உக்காரக் கூடாது. வலி பத்துக்கு மூணைத் தாண்டினா அன்னைக்கு அவ்வளவுதான். மறுநாள் காலையில படி இறங்கும்போது முந்தின நாள் மாதிரியே இருக்கணும், கூடியிருந்தா பெட்டி கீழ இறங்காது.

ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை பெட்டி மேல இருந்த ரப்பர் பலகையில ஒண்ணை எடுத்தோம். எடை அதே 50. குதிகால் தூக்கினதால கீழ 2.5 கிலோ பிளேட் ரெண்டு வெச்சோம். மூணு மாசம் போல ஆச்சு, கடைசிப் பலகையும் போச்சு. இப்போ தொடை தரைக்கு நேர்கோட்டைத் தாண்டி 70 கிலோ அடிக்கிறான். தானே படிக்கட்டு வலி முழுசா போகலை, மழை நாள்ல கூட்டத்துல வேகமா இறங்கினா எட்டிப் பார்க்குது.

டோம்பிவிலி அக்கா:
எனக்கு நேர் எதிர். பெஞ்ச் பிரஸ்ல பார் நெஞ்சைத் தொட்டாத்தான் ரெப்னு ட்ரெயினர் நின்னார். தோள் முன்பக்கம் குத்தும். தரையில படுத்து செய்ய ஆரம்பிச்சேன், முழங்கை தரையில முட்டுறதால அதுக்குக் கீழ போகாது. வலி நின்னுச்சு. முழுசாப் போகணும்னு எல்லாரும் சொல்றீங்க, எனக்குப் பாதிதான் கைகொடுத்தது.

மாட்டுங்கா பிசியோ:
அக்கா, அதுவும் சரிதான். மச்சானுக்கு உயரப் பெட்டி எப்படியோ, உங்களுக்குத் தரை அப்படி. வலிக்கிற கோணத்தை ஒதுக்கிட்டு மத்த இடத்துல பலத்தைக் காப்பாத்துறீங்க. ஒண்ணு மட்டும் பாருங்க. பலம் பழக்கின கோணத்துலதான் அதிகமா வரும். மேல தட்டுல இருந்து கனமானதை இறக்கும்போது கை பின்னால போற இடம் பலவீனமா இருந்தா, முதுகுக்குக் கீழ மடிச்ச போர்வை வெச்சு உடம்பைக் கொஞ்சம் உயர்த்தி, லேசான டம்பெல்லோட ஒரு அங்குலம், ரெண்டு அங்குலம்னு மெதுவா இறக்கிப் பாருங்க.

தாராவி இளவல்:
மேடம், அப்போ கனமான பாதி ஸ்குவாட்டால லாபமே இல்லையா? எங்க கபடி கோச் அதைத்தான் போடச் சொல்றார்.

மாட்டுங்கா பிசியோ:
இருக்கு தம்பி. குதிக்கும்போதும் ஓடும்போதும் முட்டி அவ்வளவாத்தான் மடங்குது, அந்தக் கோணத்துல பலம் வேணும்னா அதைத்தான் பழக்கணும். தொடை முன்பக்கம் வளர்றதுக்கும் பாதி மோசமில்லை. 2019ல ஜப்பான்ல ஒரு குழுவுக்குப் பாதி, இன்னொரு குழுவுக்கு முழு ஸ்குவாட்னு பத்து வாரம் பார்த்தப்போ தொடை முன்பக்கம் ரெண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளர்ந்தது. பின்புறமும் உள்தொடையும்தான் முழு ஆழத்துல கூடுதலா வளர்ந்தது. உன் கோச் முழு ஸ்குவாட்டை முதல்ல வெச்சு, கடைசியில ரெண்டு செட் பாதி போடச் சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எல்லாமே பாதின்னா, அடுத்த தடவை வீடியோவைப் பக்கவாட்டுல எடுத்து அனுப்பு.

நெரூல் மாமா:
எனக்கு 64 வயசு. பெட்டி எவ்வளவு உயரம் வெக்கட்டும்?

முலுண்ட் வாசி:
மாமா, எடை எதுவும் வேண்டாம். வீட்டு டைனிங் நாற்காலி மேல ரெண்டு தலையணை வெச்சு, கையை ஊன்றாம எழ முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா ஒண்ணை எடுத்துடுங்க. முட்டியில ஏற்கெனவே வீக்கம் இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க.