இயங்காத சேமிப்புக் கணக்கை மீளச் செயற்படுத்த எந்தெந்த ஆவணங்கள் தேவை?

அன்பான உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சியில் 2004இல் அம்மா தொடங்கிய சேமிப்புக் கணக்கில் 2008 இடப்பெயர்வுக்குப் பின்னர் எந்தக் கொடுக்கல் வாங்கலும் நடைபெறவில்லை.

பத்து ஆண்டுகள் இயங்காத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டாலும், உரியவர் தம் வங்கியூடாகவே அதனைக் கோரலாம் என்பதால் நம்பிக்கையோடு இருக்கிறோம்.

ஆயினும் சேமிப்புப் புத்தகம் தொலைந்துவிட்டது. கணக்கில் இருப்பது ஒன்பது இலக்கங்களும் வி எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை இலக்கம். இப்போது அம்மாவிடம் இருப்பதோ பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை. முகவரியும் மாறிவிட்டது, கைநடுக்கத்தால் கையொப்பமும் பழையதைப் போல் அமைவதில்லை, இதுவே எனக்குப் பெருங்கவலை.

பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலர் சான்றிதழ் ஆகியவற்றுடன், இரு இலக்கங்களும் ஒருவருடையதே என்னும் சத்தியக்கடதாசியையும் கிளை கேட்குமா? கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளத்தை ஏற்பார்களா? வன்னியில் இவ்வாறு கணக்கை மீட்டவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள்.