முதிர்வு ஈட்டமா, விளைவு வீதமா?

திருச்சி ஆசிரியை:
வணக்கம். திங்கட்கிழமை பி.காம். வகுப்பில் ‘யீல்டு டு மெச்சூரிட்டி’ நடத்த வேண்டும். கடன் பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் ஆண்டுக்குக் கிடைக்கும் வீதம் அது. ‘முதிர்வு வருவாய்’ என்று எழுதினால் பிள்ளைகள் கடைசியில் வரும் முதிர்வுத் தொகை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

மதுரைத் தமிழாசிரியர்:
ஈட்டுதல் ஈட்டம். ‘முதிர்வு ஈட்டம்’ போதுமே. பத்திரம் ஆண்டுதோறும் தரும் வட்டியான கூப்பனுக்கு ‘நறுக்கு’ பொருந்தும். முன்பு பத்திரத்தோடு ஒட்டியிருந்த சீட்டை நறுக்கிக் கொடுத்துத்தான் வட்டி வாங்கினார்கள். ஓலை நறுக்கு என்று நம்மிடமும் உண்டு. நறுக்குதலின் வேரைப் பார்த்தால்...

யாழ்ப்பாணத்து நண்பர்:
வேர் கிடக்கட்டும் ஐயா. இலங்கை மத்திய வங்கி ‘விளைவு வீதம்’ என்று எழுதுகிறது. பத்திரத்தை முறி என்போம்.

சென்னை மாணவர்:
சொல் எதுவானாலும் கணக்கு எளிதுதானே? முகமதிப்பு 1000, கூப்பன் 7%, விலை 950. 70ஐ 950ஆல் வகுத்தால் 7.37%.

வங்கிக் கருவூலத்தில் இருந்தவர்:
தம்பி, அது இன்றைய விலைக்குக் கிடைக்கும் வட்டி மட்டும். 950 கொடுத்தவருக்கு முடிவில் 1000 வருகிறதே, அந்த 50 எங்கே போயிற்று? மூன்றாண்டுப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். 70, 70, 1070 என்று வரும் தொகைகளை ஒரே வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும். கூட்டினால் 950 வரும் வீதம்தான் நாம் தேடுவது. நேரடியாகத் தீர்ப்பது கடினம், போட்டுப் பார்க்க வேண்டியதுதான். 8% போட்டால் 974.23 வருகிறது, அதிகம். 9% போட்டால் 949.37, ஒரு துளி குறைவு. ஆக விடை சுமார் 8.97%.

கோவை அன்பர்:
இதே பத்திரத்தை நான் 1000க்கு வாங்கினேன். இப்போது 950 என்று காட்டுகிறது. எனக்கு 8.97% கிடைக்குமா, நஷ்டமா?

கருவூலத்தில் இருந்தவர்:
இரண்டும் இல்லை. கூப்பன் வெளியிட்ட அன்றே எழுதி வைத்தது, மாறாது. சந்தை வட்டி ஏறியபின் 7% பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? அதனால் விலை இறங்குகிறது. நீங்கள் கொடுத்தது 1000, எனவே முதிர்வு வரை வைத்திருந்தால் உங்கள் வீதம் 7% தான். இன்றே விற்றால்தான் அந்த 50 கைவிட்டுப் போகும்.

‘ஈட்டம்’ எனக்கு உறுத்துகிறது. வரும் 70ஐ அதே 8.97% வீதத்தில் மறுபடி முதலீடு செய்தால்தான் அந்த வீதம் கைகூடும். வட்டியைப் பெட்டியில் பூட்டி வைத்தால் 950 மூன்றாண்டில் 1210 ஆகிறது, ஆண்டுக்குச் சுமார் 8.4% தான். ஈட்டாததை ஈட்டம் என்பதா?

மதுரைத் தமிழாசிரியர்:
விளையாததை விளைவு என்பது மட்டும் சரியா?

திருச்சி ஆசிரியை:
நேரமில்லை ஐயா. ‘முதிர்வு வரை விளைவு வீதம்’ என்று எழுதப் போகிறேன், ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடுவேன். கூப்பன் கூப்பனாகவே இருக்கட்டும்.

மதுரைத் தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நறுக்கு பற்றித் தனி இழை தொடங்குவேன்.