துபாயில் இறங்கிய விலை, பாலக்காட்டில் ஏன் இறங்கவில்லை?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நகை வாங்கிய அனுபவமுள்ளவங்க உதவுங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு 20 பவுன், அதாவது 160 கிராம் எடுக்கணும். துபாயில் இருக்கும் பெரியப்பா மகனும் நானும் ஆளுக்கொரு விலை அலர்ட் போட்டிருக்கோம்.

நேத்து ராத்திரி அண்ணன், "விலை இறங்கிருச்சுடா, காலைல போய் எடுத்துரு"ன்னு அனுப்பினார். காலையில் கடை போர்டில் அதே பழைய விலை.

உட்கார்ந்து பார்த்தப்பதான் புரிஞ்சது. அவர் அலர்ட் 24 காரட்டுக்கு, என்னுது 22 காரட்டுக்கு. அது மட்டுமில்ல. திர்ஹாம் டாலரோடு கட்டிவெச்ச காசு. உலகச் சந்தையில் தங்கம் ஒரு சதவீதம் இறங்கினா அங்கே அப்படியே தெரியும். அதே நாள் ரூபாயும் டாலருக்கு எதிரா ஒரு சதவீதம் சரிஞ்சா, நமக்கு இங்கே இறக்கமே தெரியாது.

அதனால ரெண்டு பேரும் இனி 22 காரட், ஒரு கிராம், ரூபாய்க் கணக்குன்னு ஒரே அலர்ட் வைக்கப்போறோம். கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் தனி.

கேரள போர்டு ரேட்டுக்கு நம்பகமா அலர்ட் தரும் ஆப் எது? முன்பணம் கட்டினா, புக் பண்ண நாள், எடுக்கிற நாள் ரெண்டில் குறைஞ்ச விலைன்னு கடைக்காரர் சொல்றார். அதை ரசீதில் எழுதித் தந்தாங்களா? வாங்கினவங்க சொல்லுங்க.