ஹவுஸ் ஓனர் பான் தர மறுக்கிறார், "பான் இல்லை" என்று எழுதித் தருகிறாராம். வாங்கலாமா?

வேளச்சேரிவாசி (ஜனவரி 2025)

வணக்கம். மாதம் 18,000 ரூபாய் வாடகை. ஏப்ரலில் இருந்து ஹவுஸ் ஓனர் அங்கிளின் பேங்க் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பி வருகிறேன். 2024-25க்கான சான்றுகளை ஆபீஸில் இந்த மாதக் கடைசிக்குள் போட வேண்டும். வாடகை ரசீதும் ஓனரின் பான் நம்பரும் கேட்கிறார்கள். பான் இல்லையென்றால் ஓனர் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டுமாம்.

ரசீது கேட்டால் அங்கிள் உடனே கையெழுத்துப் போடுகிறார். பான் என்றதும் முகம் மாறிவிடுகிறது. "பான் இல்லைன்னு எழுதிக் கொடுத்துடறேன்பா, உன் வேலை முடிஞ்சா சரிதானே" என்கிறார். ரிடையர் ஆகி பென்ஷன் வாங்குபவர், பான் இல்லாமல் இருக்குமா? அதை வாங்கி ஆபீஸில் கொடுக்கலாமா?

என் அடிப்படைச் சம்பளம் மாதம் 45,000, ஹெச்ஆர்ஏ 18,000. ஊரில் வீட்டுக் கடன் ஓடுவதால் பழைய வரி முறையில் இருக்கிறேன்.

சிட்டிபாய்

எதுக்கு ப்ரோ இவ்வளவு டென்ஷன்? வருஷத்துக்கு ஒரு லட்சம் தாண்டினால்தான் பான் கேட்பாங்க. மாசம் 8,300னு ரசீது போடச் சொல்லுங்க, 99,600 வரும். எங்க ஆபீஸில் பாதி பேர் இப்படித்தான். ஆனா எல்லா ரசீதிலும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும், இல்லன்னா செல்லாது.

பேரேடு

ஒரு லட்சம் வரம்பு என்பது சரி. மற்ற இரண்டும் சரியில்லை.

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும்போதுதான் கட்டாயம். இவர் பேங்க் வழியாக அனுப்புகிறார். சில ஆபீஸ்களில் எப்படியும் ஸ்டாம்ப் கேட்பார்கள், போஸ்ட் ஆபீஸில் வாங்கி ஒட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

8,300 என்று போட்டால் நஷ்டம் இவருக்குத்தான். வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம், அதாவது 4,500 கழியும். 18,000க்கு உண்மையான ரசீது கொடுத்தால் மாதம் 13,500 விலக்கு கிடைக்கும். வாங்கும் ஹெச்ஆர்ஏ 18,000, சென்னைக்கான 50 சதவீதக் கணக்கு 22,500, இரண்டையும்விட அது குறைவு என்பதால் அதுதான் நிற்கும். 8,300க்கு ரசீது என்றால் விலக்கு 3,800. மாதம் 9,700 வித்தியாசம், வருஷத்துக்கு 1,16,400. 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் செஸ் சேர்த்து சுமார் 24,200 ரூபாய் கூடுதலாக வரி கட்ட வேண்டும். போதாததற்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 18,000, ரசீதில் 8,300 என்று நிற்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்த உறுதிமொழி பான் *இல்லாத* ஓனருக்கானது, பான் *தர விரும்பாத* ஓனருக்கு அல்ல. பான் இருப்பவர் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் அது பொய் வாக்குமூலம். அவருக்கு பான் இருப்பது தெரிந்தே நீங்கள் அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கும் கேள்விக்குள்ளாகும். வேண்டாம்.

அங்கிள் பயத்தில் காரணம் உண்டு, அதை மறைக்காதீர்கள். நீங்கள் தரும் பான், ஆபீஸ் தாக்கல் செய்யும் டிடிஎஸ் விவரத்தோடு வருமான வரித் துறைக்குப் போகிறது. "ஒண்ணும் ஆகாது அங்கிள்" என்று சொல்லிவிட்டு நாளைக்கு அவருக்கு நோட்டீஸ் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அதற்குப் பதிலாகக் கணக்கைக் காட்டுங்கள். வருஷ வாடகை 2,16,000. இதில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தானாகவே கழியும், மீதி 1,51,200. அவர் கட்டிய சொத்து வரியையும் கழிக்கலாம். பென்ஷனோடு சேர்த்து, 2024-25க்கான புதிய வரி முறையில் 7 லட்சத்துக்குள் அடங்கினால் அவர் வரி கட்டவே தேவையிருக்காது, ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும்.

இன்னொன்று: வீடு யார் பெயரில் இருக்கிறது? சொத்து வரி ரசீதைப் பார்த்தீர்களா?

மாம்பலம்மாமி

நான் மாமனார் வீட்டில் இருக்கிறேன், மாதம் 10,000 கொடுக்கிறேன். எனக்கு அவரிடம் ரசீது வாங்கலாமா? சொந்தக்காரர் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஆபீஸில் பயமுறுத்துகிறார்கள்.

பேரேடு

வாங்கலாம் மா. வீடு அவர் பெயரில் இருக்க வேண்டும், பணம் நிஜமாகவே அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் ரிட்டர்ன் போடுபவர் என்றால் அந்த வாடகையையும் காட்ட வேண்டும். வருஷம் 1,20,000 ஆகிறது, எனவே அவர் பான் கட்டாயம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது மட்டும் எழுதுவதில்தான் சிக்கல் வருகிறது.

வேளச்சேரிவாசி

சார், நீங்கள் கேட்டதும் சொத்து வரி ரசீதை வாங்கிப் பார்த்தேன். வீடு ஆன்ட்டி பெயரில் இருக்கிறது! அங்கிளைக் கேட்டால், "அது அவ அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த வீடுப்பா, அக்ரிமென்ட்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்கிறார். ஆன்ட்டி வேலைக்குப் போனதில்லை, வேறு வருமானம் இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே பான் கிடையாதாம்.

சிட்டிபாய்

அப்போ ஆன்ட்டி கிட்ட உறுதிமொழி வாங்கிட்டா முடிஞ்சுது ப்ரோ!

பேரேடு

இப்போது நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. அப்பா எழுதிக் கொடுத்தது என்பதால் வாடகை ஆன்ட்டியின் வருமானம். அங்கிள் தன் பணத்தில் வாங்கி மனைவி பெயரில் எழுதி வைத்திருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 1,51,200 மட்டும்தான் வருமானம் என்றால் வரி வரம்புக்குக் கீழே, ஆன்ட்டிக்கு வரியும் இல்லை.

முதலில், வருமான வரித் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாக உடனடி இ-பான் எடுக்க முயன்று பாருங்கள். கிடைத்தால் உறுதிமொழியே தேவையில்லை. ஆதாரில் மொபைல் நம்பர் இணைந்திருக்க வேண்டும், பிறந்த தேதி முழுதாக இருக்க வேண்டும். வயதானவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும், அங்கேதான் தடுக்கும்.

கிடைக்காவிட்டால் இப்படி எழுதி வாங்குங்கள்:

"(முகவரி) என்ற வீடு எனக்குச் சொந்தமானது. இதில் (உங்கள் பெயர்) 1-4-2024 முதல் மாதம் ரூ.18,000 வாடகைக்குக் குடியிருக்கிறார். வாடகையை என் சார்பில் என் கணவர் (பெயர்) தன் வங்கிக் கணக்கில் பெற்று வருகிறார். எனக்கு நிரந்தரக் கணக்கு எண் இல்லை. மேலே சொன்னவை உண்மை என உறுதி கூறுகிறேன்."

கீழே பெயர், முழு முகவரி, தேதி, கையெழுத்து. சொத்து வரி ரசீது நகலும் கூட வையுங்கள். ரசீதுகளிலும் ஆன்ட்டிதான் கையெழுத்துப் போட வேண்டும், அங்கிள் போட்டவற்றை மாற்றி வாங்கிவிடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து பணம் ஆன்ட்டி கணக்குக்கோ, இருவரும் சேர்ந்த கணக்குக்கோ போகட்டும்.

வேளச்சேரிவாசி

நன்றி சார். நீங்கள் சொன்னது மாதிரியே ஆதாரில் வருஷம் மட்டும்தான் இருக்கிறது. ஆன்ட்டி உறுதிமொழியிலும் ரசீதுகளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் "அக்ரிமென்ட்டில் வேறு பெயர் இருக்கிறதே" என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். மேலே கேட்டுச் சொல்வார்களாம்.

பேரேடு

அது அவரவர் ஆபீஸ் வழக்கம், எப்படி முடிவு செய்வார்கள் என்று சொல்ல முடியாது. புதுப்பிக்கும்போது அக்ரிமென்ட்டை ஆன்ட்டி பெயரில் போட்டுவிடுங்கள். இந்த வருஷம் ஆபீஸ் ஏற்காமல் வரி பிடித்தாலும் கவலையில்லை, ரிட்டர்னில் விலக்கு கேட்டு ரீஃபண்ட் வாங்கலாம். பழைய வரி முறை வேண்டும் என்பதால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டுவிடுங்கள், தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். ரசீது, உறுதிமொழி, பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றும் கையில் இருக்கட்டும்.

மாம்பலம்மாமி

மாமனாருக்கு இரண்டு பான் கார்டு இருக்கிறது. எதைக் கொடுப்பது?

பேரேடு

அதற்குத் தனியாக ஒரு இழை போடுங்கள் மா. முதலில் ஒன்றைச் சரண்டர் செய்யச் சொல்லுங்கள்.