எவர்சில்வர் பானையின் வயிற்றில் தெரியும் கேமரா: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, பாத்திரக்கடை ஒன்றின் விளம்பரத்துக்காக, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் எவர்சில்வர் பொங்கல் பானையைப் படம் எடுக்கிறேன். உருண்டை வயிறு என்பதால் விளக்கு, ஸ்டாண்டு, நான் என அறையே அதற்குள் சுருங்கித் தெரிகிறது.

இரண்டு பக்கமும் மேலேயும் வெள்ளை டிரேசிங் தாள் கட்டி, வெளியிலிருந்து விளக்கடித்ததில் பக்கங்கள் சுத்தமாகிவிட்டன. ஓரம் பின்னணியில் கரையாமலிருக்க, இருபுறமும் கறுப்பு அட்டைப் பட்டை நிறுத்தியிருக்கிறேன். போலரைசர் பயன்படவில்லை, உலோகப் பிரதிபலிப்பை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை.

சிக்கல் நடுவயிற்றில்தான். தாளில் துளையிட்டு லென்ஸை நீட்டினால், அங்கே கறுப்புப் பொட்டு விழுகிறது. 100 மி.மீ. லென்ஸோடு பின்னால் போனால் பொட்டு சிறுக்கிறது, மறைவதில்லை. மேட் ஸ்பிரே அடித்தால் பளபளப்பே போய்விடும். கேமராவைச் சற்று உயர்த்தி, பொட்டைக் கழுத்து மடிப்புக்குள் தள்ள முடியுமா? அல்லது ஃபோட்டோஷாப்பில் அழிப்பதுதான் வழியா?

இன்னொன்று: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பருத்திக் கையுறையோடுதான் தொடுகிறேன். ரேகை இல்லை, பக்கவாட்டு ஒளியில் பஞ்சிழைகள் மின்னுகின்றன. நைட்ரைல் கையுறை மேலா?