குன்னூர் வீட்டுக் குழு: பாப்பாவோட கம்பிக் கணக்கு

பாப்பா: பெரியப்பா இருக்கீங்களா? நாளைக்கு ரெக்கார்ட் நோட்டு வைக்கணும். சியர்ல் கருவியில ஸ்டீல் கம்பிக்கு யங் மாடுலஸ் 1.76 × 10¹¹ தான் வருது. 2 கிட்ட வரணும். மூணு தடவை கணக்குப் போட்டுட்டேன் 😢

கோத்தகிரி அத்தை: கம்பியா? வேலிக்கா? காட்டெருமை திரும்பவும் தோட்டத்துல இறங்கிடுச்சா

பாப்பா: இல்லத்தை. லேப் கம்பி

கோவை அண்ணன்: இருக்கறதுலயே குட்டி அளவு நீட்சிதான். தப்பு அங்கதான். எடையைக் கூட்டி மறுபடி எடு. மலை மேல g வேற குறைவு, 9.8 போட்டியா?

கோத்தகிரி அத்தை: வேலிக் கம்பி வாங்கினா என் பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்க. போன தடவை என் வரப்போட நின்னுடுச்சு

பெரியப்பா: அளவெல்லாம் அனுப்பு கண்ணு.

பாப்பா: நீளம் 2.00 மீ. 2 கிலோவுக்கு நீட்சி 1.08, 1.09, 1.10 மிமீ. ஏத்தறப்பவும் இறக்கறப்பவும் ஒரே மாதிரி. கிராப் நேர்கோடு. விட்டம் அஞ்சு இடத்துல பார்த்தேன், சராசரி 0.51 மிமீ

பெரியப்பா: அப்ப நீட்சியில குத்தமில்லை. கம்பியில முறுக்கு, மடிப்பு இருந்தா முதல் ரெண்டு எடையில கோடு வளையும். கம்பி கொக்கியில நழுவினா இறக்கறப்ப பழைய இடத்துக்கு வராது. உனக்கு ரெண்டும் இல்லை. கோடு நேரா இருந்தும் விடை மட்டும் ஒரேயடியா குறையுதுன்னா, எல்லா அளவையும் ஒரே விகிதத்துல கெடுக்கற ஒண்ணு உள்ள இருக்கு. விட்டத்தைச் சந்தேகப்படு. ஸ்க்ரூ கேஜை வெறுமனே மூடிப் பார்த்தியா? என்ன காட்டுச்சு?

பாப்பா: மூடுறப்ப 3 பிரிவு காட்டுச்சு. சின்னதுதானேன்னு விட்டுட்டேன்

பெரியப்பா: அதான் ஸீரோ எரர். 0.03 மிமீ. கழிச்சா விட்டம் 0.48. சூத்திரத்துல விட்டம் வர்க்கமா வருது, அதனால 6 சதவீதத் தப்பு விடையில 13 சதவீதமாயிடும். 0.48 போட்டுப் பாரு.

பாப்பா: 1.99!!! 🙏🙏

கோவை அண்ணன்: g-ஐ யாரும் கண்டுக்கல

பெரியப்பா: நீ சொன்னது சரிதான்ப்பா, ஆனா ஊட்டி உயரத்துலயும் 9.8-ஐ விட ஆயிரத்துல மூணு பங்குக்குள்ளதான் குறையும். நீட்சியில 0.01 மிமீ தப்பினா 1.09-ல ஒரு சதவீதம். அதே 0.01 விட்டத்துல தப்பினா விடையில 4 சதவீதத்துக்கு மேல. எடையைக் கூட்டறதால விட்டத்தோட தப்பு குறையாது.

குன்னூர் மாமா: குளிர்ல கம்பி சுருங்காதா? காலைல பனி, பத்து மணிக்கு வெயில்

பெரியப்பா: நல்லா கேட்டீங்க மாப்ள. 2 மீட்டர் ஸ்டீல் ஒரு டிகிரிக்கு 0.024 மிமீ நீளும். 5 டிகிரி மாறினா 0.12, நீட்சியில பத்துல ஒரு பங்கு. அதுக்காகத்தான் பக்கத்துல அதே உலோகத்துல ரெண்டாவது கம்பி தொங்குது. ரெண்டும் சேர்ந்து நீளறதால வித்தியாசத்துல தெரியாது. ஜன்னல் வெயில் ஒரு கம்பி மேல மட்டும் பட்டா அந்தக் கணக்கு கெட்டுடும். திரையை இழுத்து விடச் சொல்லுங்க.

கோத்தகிரி அத்தை: ஞாயித்துக்கிழமை திதிக்கு எத்தனை இலைன்னு யாராவது சொல்றீங்களா

கோவை அண்ணன்: நான் வர்றேன். தங்கச்சி மாப்பிள்ளை வர்றாரான்னு அவங்கதான் சொல்லணும்

கோத்தகிரி அத்தை: போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க

பாப்பா: பெரியப்பா, விட்டத்தை இன்னும் நிறைய இடத்துல பார்த்துச் சராசரி எடுக்கட்டுமா?

பெரியப்பா: எடு. ஒரே இடத்துல ரெண்டு குறுக்குத் திசையிலயும் பாரு, கம்பி முழு வட்டமா இருக்காது. ராட்செட்டைத் திருப்பித்தான் மூடணும், கையால அழுத்தாத. ஆனா நூறு தடவை பார்த்தாலும் ஸீரோ எரர் சராசரியில போகாது. கழிச்சாத்தான் போகும். இன்னொரு வழி சொல்றேன். அதே சுருள்ல மிஞ்சின கம்பி ஒரு மீட்டர் நறுக்கி எடை போடு. ஸ்டீல் அடர்த்தி 7.85. 1.42 கிராம் வந்தா குறுக்குப் பரப்பு 0.181 சதுர மிமீ, அதாவது விட்டம் 0.48. பரப்பே நேரா வர்றதால வர்க்கத் தொல்லை இல்லை. 0.01 கிராம் காட்டற தராசுன்னா தப்பு ஒரு சதவீதத்துக்குள்ள. துருவோ நாகப் பூச்சோ இருக்கக் கூடாது.

கோத்தகிரி அத்தை: நகைக்கடைத் தராசுல போடலாமே. மில்லிகிராம் காட்டும்

குன்னூர் மாமா: பஜார்ல கடை 8 மணி வரைக்கும் திறந்திருக்கும். நான் கூட்டிட்டுப் போறேன்

பாப்பா: மிச்சக் கம்பி என்கிட்ட 40 செமீதான் இருக்கு மாமா. அது அதே சுருளான்னும் தெரியல

பெரியப்பா: மில்லிகிராம் தராசுன்னா 40 செமீ போதும். 0.57 கிராம் பக்கம் வரணும். நீளத்தை அரை மிமீ வரைக்கும் சரியா அள. ஒரே சுருளான்னு தெரியாம ரெக்கார்டுல ஏத்தாத, நாளைக்கு லேப்ல கேட்டுக்கோ. இப்போதைக்கு ஸீரோ எரர் கழிச்சதை எழுது. பழைய 0.51-ஐ அடிச்சு மறைக்காத, பக்கத்துல திருத்தத்தைக் காட்டு.

பாப்பா: மேடம் ஒத்துக்குவாங்களா?

கோவை அண்ணன்: கேட்டுப் பாரு

கோத்தகிரி அத்தை: இலை 14-ன்னு வச்சுக்கறேன். மாத்தணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க

குன்னூர் மாமா: பாப்பா ஏழரைக்கு வாசல்ல நில்லு