புதுப்பிப்பு: முதல் நாள் கவிதை சுருங்கியது

முன்பு நான் கேட்டது: "சிங்கப்பூர் கட்டுமானத் தளத்தில் என் முதல் வேலை நாளைப் பற்றிச் சமூக இதழுக்குப் புதுக்கவிதை எழுதினேன். 28 வரி வந்துவிட்டது, இடமோ அரைப் பக்கம். எதை வெட்டுவது?"

நேற்று அனுப்பிவிட்டேன். கவிதை எழுதும் அக்கா ஒருவர், 'கனவு', 'கண்ணீர்', 'தாய்மண்' வரும் வரிகளை எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னார். 13 வரிகள் போயின. அந்த நாளில் எதுவும் குறையவில்லை! எதுகை இல்லாமல் கவிதை ஏது என்றார் ஒரு நண்பர். எதுகை வைத்தபோது சொற்கள் பொய்யாயின. ஆனாலும் ஓசை வேண்டும் என்பது சரிதான். உரக்கப் படித்து, மூச்சு நின்ற இடத்தில் வரியை முறித்தேன்.

துபாயில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கவிதையைப் பற்றிப் பேசாமல், தம் முதல் நாளில் தலைக்கவசம் பெரிதாக இருந்ததைச் சொன்னார். அதில்தான் எனக்கு அந்தப் பலகை நினைவுக்கு வந்தது:

நான்கு மொழிகளில் ஒரு பலகை.
கூட்டத்தில் உறவைத் தேடுவதுபோல்
என் எழுத்தைத் தேடினேன்.
தளத்தில் நான் படித்த முதல் தமிழ்:
அபாயம்.

இதற்குப் பின் 'நெஞ்சம் நடுங்கியது' என்று ஒரு வரி இருந்தது. அபாயம் தனி வரியில் நின்றதும் அது தேவைப்படவில்லை. பலகைக்கு முன்னால் லாரிப் பயணம் நான்கு வரி வருகிறது.

தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. 'அபாயம்' என்று வைக்கச் சொல்கிறார் ஆசிரியர். கடைசிச் சொல்லை முதலிலேயே சொல்லிவிட எனக்கு மனமில்லை.